இரண்டு கையால் வரைந்த ஊர்

திருத்தணிப் பக்கம் சமூக அறிவியல் வாத்தியார்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் "ரெண்டு கை சார்" என்றால் ஒருத்தர்தான். வேடியப்பன். ஊருக்கு வெளியே அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவர். ஆள் ஒல்லி, குரல் மட்டும் கனம். அவர் மூன்றாவது வகுப்பறையில் பாடம் நடத்தினால் முதல் வகுப்பறைப் பிள்ளைகளும் சேர்த்துப் படித்துவிடும் என்று தலைமையாசிரியரே கிண்டல் செய்வார். வேடியப்பன் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்வார். எதையும் பாராட்டாக எடுத்துக்கொள்ளும் வரம் அவருக்கு உண்டு.

அந்தப் பட்டப்பெயர் வந்தது ஒரு வித்தையால். மக்கள்தொகைப் பிரமிடு என்று ஒரு படம் பாடத்தில் வரும். நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள். அடியில் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஒரு பட்டை, அதன் மேல் ஐந்திலிருந்து ஒன்பது, அதன் மேல் பத்திலிருந்து பதினாலு என்று ஐந்தைந்து வயதாகப் பட்டைகள் ஏறிக்கொண்டே போய் உச்சியில் கிழவர் கிழவிகளில் முடியும். பட்டை நீளமாக இருந்தால் அந்த வயதில் ஆட்கள் அதிகம், குட்டையாக இருந்தால் குறைவு. இதை மற்ற வாத்தியார்கள் அளவுகோல் வைத்து ஒரு பக்கம் வரைந்து, மறுபக்கம் வரைந்து, மணி அடித்ததும் பாதியில் விட்டுவிட்டுப் போவார்கள். வேடியப்பன் கரும்பலகைக்கு நேராக மூக்கை நடுக்கோட்டில் வைத்தாற்போல நிற்பார். இரண்டு கையிலும் சாக்பீஸ். கீழேயிருந்து ஆரம்பித்தால் இரண்டு கையும் ஒரே நேரத்தில் விரிந்து, மடங்கி, ஒரு படி ஏறி, மறுபடி விரியும். கண்ணை மூடித் திறப்பதற்குள் உச்சிக்குப் போய்விடுவார். பிள்ளைகள் கை தட்டும். தட்டாத வகுப்பு இதுவரை அமையவில்லை.

இந்தக் கைப்பழக்கம் நாற்றங்காலில் வந்தது. கனகம்மாசத்திரத்துக்கு உள்ளே இரண்டு மைல் தள்ளி ஒரு கிராமம் அவருக்கு. அப்பா அம்மா இருவரும் கூலி வேலை. பள்ளிக்கூடம் இல்லாத நாளில் இவரும் நாற்று பறிக்கப் போவார். நாற்று பறிக்கிறவனுக்கு ஒரு கை சோம்பேறியாக இருந்தால் கூலி பாதிதான். இரண்டு கையும் ஒரே வேகத்தில் பறித்து, ஒரே அளவில் நாற்றுமுடி கட்ட வேண்டும். வேடியப்பனுக்கு வயல் வேலை கொஞ்சமும் பிடிக்காது. சேறு, வெயில், மேஸ்திரியின் வாய், எதுவுமே பிடிக்காது. படித்துத் தப்பித்து வந்தார். வரும்போது அந்தக் கைகளை மட்டும் கூடவே கொண்டு வந்துவிட்டார்.

இவ்வளவு பேரும் புகழும் இருந்தும், வட்டார ஆசிரியர் பயிற்சிக்குக் கருத்தாளராக அவரை யாரும் கூப்பிட்டதில்லை. கருத்தாளர் என்றால் மற்ற ஆசிரியர்களுக்கே பாடம் நடத்துகிறவர். ஒவ்வொரு வருடமும் பெயர்ப்பட்டியல் வரும், இவர் பெயர் இருக்காது. "நம்ம பேரு நீளமா இருக்குது, அந்தக் கட்டத்துல அடங்கலன்னு நெனைக்கிறேன்" என்று மனைவி தேவகியிடம் சிரித்துக்கொண்டே சொல்வார். தேவகி பள்ளிப்பட்டு அஞ்சலகத்தில் வேலை பார்க்கிறவள். அந்தச் சிரிப்புக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

இந்த வருடம் கூப்பிட்டுவிட்டார்கள். தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வட்டார வள மையத்தில் ஒரு நாள் பயிற்சி. தலைப்பு: 'புள்ளிவிவர வினாக்களை அணுகுவது எப்படி'. பயிற்சியை நடத்தும் விஜயராகவன் தானே போன் செய்தார்.

"வேடியப்பன், நீங்க வந்து அந்த ரெண்டு கை பிரமிடு போட்டே ஆவணும். மேலிடத்திலேர்ந்து ஒரு அம்மா வராங்க. வீடியோ எடுத்து எல்லா ஒன்றியத்துக்கும் அனுப்பப் போறோம்."

போனை வைத்ததும் வேடியப்பன் சலவைக்காரரிடம் வெள்ளைச் சட்டையைக் கொடுத்துவிட்டு வந்தார். சனிக்கிழமைக்கு இன்னும் பத்து நாளுக்கு மேல் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் சுசித்ரா வந்தாள்.

சுசித்ரா பக்கத்துப் பெண்கள் பள்ளியில் அதே பாடம் எடுப்பவள். அரக்கோணத்திலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறாள். கணவர் ரயில்வே, குடியிருப்பதும் ரயில்வே குவார்ட்டர்ஸ். மாவட்டத்துக்கு ஒரே வினாத்தாளாக நடந்த திருப்புதல் தேர்வில் ஐந்து மதிப்பெண் பிரமிடு கேள்வியைத் தயாரித்துக் கொடுத்ததும் அவள்தான். அந்தத் தேர்வில் ஒரு பள்ளி விடைத்தாளை இன்னொரு பள்ளி திருத்துவது வழக்கம். வேடியப்பனின் வகுப்புத் தாள்கள் அவளிடம் போயிருந்தன. மாலை மணி அடித்ததும் கட்டைத் தூக்கிக்கொண்டு ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டாள்.

"வாங்க மேடம். நம்ம பசங்க பேப்பரைத் திருத்தித் திருத்திக் கை வலிச்சிடுச்சா?" என்று வேடியப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"கை வலிக்கல சார். மனசுதான் ஒரு மாதிரியா இருக்குது. கோச்சிக்கக் கூடாது."

"நானா? கோவமா? சொல்லுங்க."

"பிரமிடு கேள்வியில உங்க வகுப்பு மொத்தமும் போச்சி சார். முதல் பகுதி எல்லாரும் சரியா எழுதிட்டாங்க. ரெண்டு பக்கத்தையும் ஒப்பிட்டு, காரணம் சொல்லி, நகராட்சி இன்னா செய்யணும்னு எழுதற பகுதியில ஒருத்தருக்கும் மார்க் போட முடியல."

வேடியப்பன் சிரித்தார். கோபம் வருவதற்கு முன்பு அவருக்குச் சிரிப்புதான் வரும். "என் பசங்களுக்கா? பிரமிடுலயா? மேடம், நீங்க வேற பள்ளிக்கூடத்துக் கட்டை மாத்தித் தூக்கிகினு வந்திருக்கீங்க."

அவள் பேசாமல் கட்டைப் பிரித்து மேலிருந்த தாளைக் காட்டினாள். வகுப்பின் முதல் மாணவி தேவயானியின் தாள். வளைந்த அழகான எழுத்து. பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. படத்தில் பெண்கள் குறைவு, எனவே இந்த நகரில் பெண் சிசுக்கொலை நடக்கிறது, எனவே நகராட்சி பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தைக் கொண்டுவர வேண்டும் என்று எழுதியிருந்தாள். நன்றாகப் படிக்கிற இன்னும் சிலரும் அதையே எழுதியிருந்தார்கள். மீதிப் பேர் ஒரே வரி: 'இரு பக்கமும் சமமாக உள்ளன.'

"இது சரிதான மேடம்?" வேடியப்பனின் குரல் ஏறியது. "பொண்ணுங்க கம்மியா இருந்தா பொறப்புலயே ஏதோ கோளாறுன்னு புள்ள யோசிச்சிருக்கு. உங்க விடைக்குறிப்புதான் தப்பு."

"சார், நீங்க ஒரு தடவ வினாத்தாளைப் பாருங்க."

வினாத்தாளில் 'ஒரு ரயில் சந்திப்பு நகரம்' என்று போட்டு, படமும் கீழே சிறு அட்டவணையும் இருந்தன. மொத்த மக்கள்தொகையில் ஒவ்வொரு வயதுப் பிரிவும் எத்தனை சதவீதம் என்ற கணக்கு. வேடியப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பழக்கதோஷத்தில் பார்வை நேராகப் படத்தின் வெளிவடிவத்துக்குப் போனது. அடி குறுகல், நடு அகலம், உச்சி கூர்மை. சரி.

சுசித்ரா ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் படத்தின் மேல்பாதியை மறைத்தாள். பதினாலு வயது வரையுள்ள மூன்று பட்டைகள் மட்டும் தெரிந்தன.

"இப்போ சொல்லுங்க. இந்த வயசுல ஆம்பளப் புள்ளைங்க, பொம்பளப் புள்ளைங்க எப்படி இருக்காங்க?"

அவர் அட்டவணையைப் பார்த்தார். நான்கு வயது வரை ஆண் 3.1, பெண் 3.0. அதற்கு மேலேயும் அப்படியே, மயிரிழை வித்தியாசம்.

"கிட்டத்தட்ட சமம்" என்றார்.

"பொறக்கும்போது பொண்ணுங்களை அழிச்சா பள்ளம் இங்க தான சார் விழணும்? குழந்தைங்க பட்டையில?"

அவள் தாளை மெல்ல மேலே நகர்த்தினாள். இருபதைத் தாண்டியதும் இடப்பக்கம் மட்டும் சட்டென்று பிதுங்கிக்கொண்டு வந்தது. இருபத்தைந்திலிருந்து இருபத்தொன்பது வயதில் ஆண் 6.9, பெண் 4.3. முப்பத்தைந்துக்கு மேல் இரண்டும் மறுபடி நெருங்கி, அறுபதுக்கு மேல் போனால் பெண்கள் பக்கம்தான் நீளம்.

வேடியப்பனுக்குக் காதுமடல் சூடாகிவிட்டது. இவ்வளவு பெரிய பிதுக்கம். கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. பொண்ணுங்க குறையவில்லை, ஆம்பளைங்க கூடியிருக்கிறார்கள். பிறந்து கூடவில்லை, வந்து கூடியிருக்கிறார்கள்.

"எங்க குவார்ட்டர்ஸ் பக்கம் சாயங்காலம் வந்து பாருங்க சார்" என்றாள் சுசித்ரா. "ஒரு ரூம்ல நாலு பசங்க. வடநாட்டுப் பசங்க, மதுரைப் பக்கத்துப் பசங்க. கல்யாணம் ஆனவனும் பொண்டாட்டியை ஊர்லயே விட்டுட்டு வந்திருப்பான். அந்த ஊருக்குப் போயி பொண்ணு குழந்தைக்குத் தொட்டில் வெச்சா யாருக்கு சார் புண்ணியம்? தங்க நல்ல இடம் வேணும், குடும்பத்தோட இருக்க வாடகை வீடு வேணும், பொம்பளைங்களுக்கும் வேலை வேணும். மேல பாருங்க, தனியா இருக்கற வயசான அம்மாங்க. அவங்களுக்கு ஓய்வூதியம், வைத்தியம். இதுல ஒண்ணைக் காரணத்தோட எழுதினாலே மார்க் போட்டுடுவேன்."

வேறு ஆளாக இருந்தால் அதோடு தலையைக் குனிந்துகொண்டிருப்பார். வேடியப்பன் வினாத்தாளை இன்னும் அருகில் இழுத்துக்கொண்டார். தோற்ற இடத்திலேயே நின்று சண்டையைத் தொடர்வது அவர் சுபாவம். விடைக்குறிப்பை வரி வரியாகப் படித்தவர் ஓரிடத்தில் விரலை ஊன்றினார்.

"இருங்க இருங்க. முதல் பகுதிக்கு நீங்க இன்னா எழுதியிருக்கீங்க? 'அடி குறுகியுள்ளது, ஆகவே பிறப்பு விகிதம் குறைந்துவிட்டது.' இது மட்டும் எப்படி சரி?"

"எல்லாரும் அப்படித்தான சார் சொல்றோம்?"

"இந்த ஊர்ல எப்படி சொல்லுவீங்க? இத்தினி ஆம்பளைங்க வந்து மொத்தக் கணக்கை ஊதி வெச்சிருக்காங்க. அவங்க புள்ளைங்க ஊர்ல இருக்குது, இங்க இல்ல. பங்கு போட்டா குழந்தைங்க பங்கு தானா சின்னதாத்தான் தெரியும். புள்ள பொறப்பு கொறஞ்சிதான்னு பாக்கணும்னா, குழந்தைங்களை இங்க இருக்கற அந்த வயசுப் பொம்பளைங்களோடதான் வெச்சிப் பாக்கணும். அடி குறுகலா இருக்குதுன்னு சொல்லலாம். ஏன்னு இந்த ஒரு படத்தை வெச்சி சாதிக்க முடியாது."

சுசித்ரா அட்டவணையை மறுபடி பார்த்தாள். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்துத் தன் விடைக்குறிப்பிலேயே ஒரு திருத்தம் போட்டாள். "பாயிண்ட் சார். 'குறைந்திருக்கலாம், உறுதிப்படுத்த வேறு தகவல் தேவை'ன்னு எழுதினா முழு மார்க்." எழுந்துகொண்டவள் வாசலில் நின்று சொன்னாள்: "சனிக்கிழமை நானும் வரேன் சார் பயிற்சிக்கு. இதை அங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். முன்னாடியே உங்ககிட்ட சொல்லிடணும்னுதான் வந்தேன்."

அவள் போன பிறகும் வேடியப்பன் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு பிள்ளை தவறு செய்தால் பிள்ளையின் தவறு. ஒரு வகுப்பே ஒரே மாதிரித் தவறு செய்தால் தவறு வேறெங்கோ இருக்கிறது. இது அவர் மற்றவர்களுக்கு அடிக்கடி சொல்லும் வசனம். இப்போது அது அவர் சட்டையையே பிடித்துக்கொண்டது.

மறுநாள் வகுப்பில் தாள்களைக் கொடுத்துவிட்டு, அவர் திட்டவில்லை. பிள்ளைகள் அதற்கே பயந்துபோயின.

"தேவயானி, எந்திரி. மார்க்கை வுடு. இடது பக்கம் பெருசா இருந்திச்சே, அதைப் பாத்தப்போ உனக்கு இன்னா தோணிச்சி? உள்ளதைச் சொல்லு."

அவள் தயங்கினாள். "சார், நீங்க போடும்போது ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் சார் வரும். படத்துல வலது பக்கம் குட்டையா இருந்திச்சி. சரியான பிரமிடுன்னா சமமா இருக்கணுமே, யாரோ பொண்ணுங்களைக் கொறச்சிட்டாங்கன்னு நெனச்சேன் சார்."

"ஓ. மத்தவங்க? 'சமமாக உள்ளன'ன்னு எழுதினவங்க?"

பின்பெஞ்சிலிருந்து கதிரவன் எழுந்தான். நேர்மையான பையன், அதனால்தான் பின்பெஞ்சில் இருக்கிறான். "அச்சுல தப்பா வுழுந்திடுச்சின்னு நெனச்சோம் சார். சார் போடற மாதிரி இல்லியே, பிரிண்டிங் மிஸ்டேக்குன்னு வுட்டுட்டோம்."

வகுப்பு சிரித்தது. வேடியப்பனும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. இத்தனை வருடம் கை தட்டல் வாங்கிக் கொடுத்த அந்த இரண்டு கைகளையும் குனிந்து பார்த்துக்கொண்டார். ஒரே வேகத்தில் பறித்து, ஒரே அளவில் முடி கட்டிய கைகள். நாற்றுக்கு அது சரி. ஊருக்கு எப்படிச் சரியாகும்? எந்த ஊரிலாவது ஆணும் பெண்ணும் ஒவ்வொரு வயதிலும் அளந்து வைத்தாற்போலச் சமமாக இருப்பார்களா? வலது கை ஒரு நாளும் அட்டவணையைப் பார்த்து வரைந்ததில்லை. இடது கையைப் பார்த்துத்தான் வரைந்தது. வருடா வருடம் வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளை இப்படித்தான் வெளியே அனுப்பியிருக்கிறார். அந்த நினைப்பு அவருக்கு உண்மையாகவே வலித்தது.

வீட்டில் தேவகியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"அப்போ சனிக்கிழமை இன்னாங்க பண்ணப் போறீங்க?"

"அதான் தெரியல. அவங்க கூப்பிட்டதே அந்த ரெண்டு கைக்குத்தான். அது இல்லன்னு சொன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க. அடுத்த வருசமும் கூப்பிட மாட்டாங்க. போட்டாலோ, வீடியோ எடுத்து எல்லா ஒன்றியத்துக்கும் அனுப்பிடுவாங்க. எல்லா வாத்தியாரும் ரெண்டு கைல சாக்பீஸைப் பிடிச்சிகினு நிப்பாங்க."

"நல்லாதான் இருக்கும், டான்ஸ் கிளாஸ் மாதிரி."

"கிண்டல் பண்ணாத தேவகி. எத்தினி வருசம் காத்துகினு இருந்தேன்."

அவள் கீரைத் தட்டைக் கீழே வைத்தாள். "ஆங், தெரியும். உங்களுக்கு அந்தக் கைத்தட்டலை வுட மனசு வராது. வுட வேணாம். வாங்கிக்கினு அப்புறம் இன்னா சொல்லப் போறீங்கன்னு யோசிங்க."

வேடியப்பன் யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் தெளிந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது பழைய குரல் திரும்பிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

சனிக்கிழமை வள மையத்துக்குள் நுழையவே முடியவில்லை. தைக் கிருத்திகைக் கூட்டம் வேறு. காவடிகள் கீழ்த்தெருவை அடைத்துக்கொண்டு போக, மலைமேல் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருக்க, வாத்தியார்கள் எல்லாம் வியர்த்து விறுவிறுத்து வந்து உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் மேலிடத்து அம்மா. ஓரத்தில் முக்காலியில் கேமரா. மூன்றாவது வரிசையில் சுசித்ரா, முகத்தில் எதையும் காட்டாமல் இருந்தாள்.

விஜயராகவன் அறிமுகம் செய்துவைத்தார். "நம்ம ரெண்டு கை சார்" என்றதுமே கூடம் கலகலத்தது.

வேடியப்பன் சலவைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு பலகைக்கு நேராக நின்றார். "ஒரு ரயில் சந்திப்பு நகரம். அதோட மக்கள்தொகையைப் போடறேன்" என்றார். மூக்கு நடுக்கோட்டில். இரண்டு கையும் விரிந்தன, மடங்கின, ஏறின. இருபது வயதுப் பட்டைக்கு வந்ததும் இரண்டு கையும் பலகையின் இரு ஓரத்தையும் தொட்டுவிட்டு வந்தன. உச்சிக்குப் போய்த் திரும்பினார். கூடமே எழுந்து கை தட்டியது. மேலிடத்து அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். அந்தச் சத்தத்தை வேடியப்பன் முழுசாக, ஒரு சொட்டு விடாமல் வாங்கிக்கொண்டார்.

"ரொம்ப சந்தோசம்" என்றார். "இப்போ நீங்கதான் இந்த ஊரு நகராட்சி. படத்தைப் பாருங்க. ஊருக்கு இன்னா வேணும்? பட்டு பட்டுன்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

கைகள் உயர்ந்தன. உழைக்கும் வயதினர் அதிகம், தொழிற்பயிற்சி நிலையம் வேண்டும் என்றார் ஒருவர். பலகை ஓரத்தில் எழுதினார். இளம் தம்பதிகள் அதிகம் இருப்பார்கள், சில வருடத்தில் குழந்தைகள் பெருகும், தொடக்கப் பள்ளி வேண்டும் என்றார் இன்னொருவர். எழுதினார். ராஜீவ் என்ற இளவயது ஆசிரியர் எழுந்தே நின்றுவிட்டார். "சார், இருபதிலேர்ந்து முப்பத்தினாலு வயசுல பெண்கள் ரொம்ப அதிகமா இருக்காங்க. அதனால பெரிய பிரசவ ஆஸ்பத்திரி ஒண்ணு அவசியம்."

"அருமை. காரணத்தோட சொல்லியிருக்கீங்க. முழு மார்க்" என்று வேடியப்பன் அதையும் எழுதினார். "எல்லாரும் ஒத்துக்கிறீங்களா?"

எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். விஜயராகவனும் தலையாட்டினார். சுசித்ரா மட்டும் நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

வேடியப்பன் டஸ்டரை எடுத்தார். படத்தின் வலப்பக்கத்தை, பெண்கள் பக்கம் முழுவதையும், ஒரே இழுப்பாக அழித்தார். கூடத்தில் சலசலப்பு எழுந்தது. இடது கையைப் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து வினாத்தாளை எடுத்து, பலகைக்கு மேலிருந்த கிளிப்பில் மாட்டி, அட்டவணையைப் பார்த்துப் பார்த்து ஒற்றைக் கையால் ஒவ்வொரு பட்டையாக வரைய ஆரம்பித்தார். அவர் அவ்வளவு மெதுவாக வரைந்து யாரும் பார்த்ததில்லை. குழந்தைகள் பட்டை இடப்பக்கத்துக்குச் சமமாக வந்தது. இருபதுக்கு வந்ததும் கை பாதியிலேயே நின்றுவிட்டது. இருபத்தைந்திலும் பாதியில். முப்பதிலும். பழைய பட்டை இருந்த இடத்தில் அழித்த சுண்ணாம்புத் தடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

மலைமேல் பாட்டு மட்டும் கேட்டது.

"இந்த வயசுப் பொண்ணுங்க இந்த ஊர்ல இவ்வளவுதான்" என்றார் வேடியப்பன். விரலை அந்தச் சுண்ணாம்புத் தடத்தின் மேல் வைத்தார். "மீதி இங்க இருந்தாங்களே, அவங்களை நான் பெத்துப் போட்டேன். என் வலது கை பெத்துப் போட்டுச்சி. அவங்களுக்குத்தான் நாம இப்போ பிரசவ ஆஸ்பத்திரி கட்டினோம். அவங்க புள்ளைங்களுக்குத்தான் பள்ளிக்கூடம் தொறந்தோம்."

ராஜீவ் மெல்ல உட்கார்ந்தார்.

"உங்களைச் சொல்லி குத்தமில்ல சார். நீங்க பலகையில இருந்ததைச் சரியாத்தான் படிச்சீங்க. பலகையில போட்டவன்தான் ஊரைப் படிக்கல. என் வகுப்பு முழுக்க இந்தக் கேள்வியில கோட்டை வுட்டுச்சி. அச்சு தப்பா இருக்கும்னு வுட்டுட்டாங்க. ஊரு எப்படி இருக்குதோ அப்படிப் போட்டிருந்த படம் தப்பு, வாத்தியார் கை போட்டது சரி. அப்படி பழக்கி வெச்சிருக்கேன் நான்."

மேலிடத்து அம்மா கேமராக்காரரைத் திரும்பிப் பார்த்தார். கேமராக்காரரோ நிறுத்துவதா வேண்டாமா என்று கேட்பதுபோல விஜயராகவனைப் பார்த்தார்.

"ஓடட்டும்" என்றார் அந்த அம்மா. பிறகு வேடியப்பனிடம், "அப்போ இந்த ஊருக்கு என்னதான் வேணும் சார்?" என்று கேட்டார்.

"அதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேக்கணும்ங்க. பள்ளம் எந்த வயசுல? எந்தப் பக்கத்துல? குழந்தைங்க பட்டையிலேயே இருக்குதா, இல்ல பெரியவங்க கிட்டதானா? பெரியவங்க கிட்ட மட்டும்தான்னா, பொறப்பைத் திட்டறதுக்கு முன்னாடி வேலைக்கு வந்தவன் யாரு, போனவன் யாருன்னு விசாரிக்கணும். அதைப் படம் சொல்லாது. வேற கணக்கு வாங்கிப் பாக்கணும். பதிலை நான் சொல்ல மாட்டேன்." அவர் கூட்டத்துக்குள் பார்த்தார். "இந்தக் கேள்வியை எடுத்தவங்க இங்கதான் இருக்காங்க. சுசித்ரா மேடம், கொஞ்சம் வாங்க."

சுசித்ரா திகைத்துப்போய் எழுந்து வந்தாள். வேடியப்பன் பலகை முழுவதையும் அழித்து நடுக்கோட்டை மட்டும் போட்டார். அட்டவணையைச் சரிபாதியாகக் கிழித்தார். ஆண்கள் கணக்கை அவளிடம் கொடுத்தார், பெண்கள் கணக்கைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். ஒரு சாக்பீஸை அவள் கையில் வைத்தார்.

"அந்தப் பக்கம் நீங்க போடுங்க. இந்தப் பக்கம் நான் போடறேன். நீங்க என் பக்கம் பாக்கக் கூடாது, நான் உங்க பக்கம் பாக்க மாட்டேன்."

இருவரும் அவரவர் துண்டுச் சீட்டைப் பார்த்துக்கொண்டு கீழேயிருந்து ஏறினார்கள். அவள் வேகமாக வரைந்தாள், இவர் நிதானமாக. இருபது வயதில் அவள் கை நீண்டுகொண்டே போய் ஓரத்தைத் தொட்டது. இவர் கை முன்னமே திரும்பிவிட்டது. மேலே போகப் போக இவர் கைக்கு இடம் கூடியது. முடித்துவிட்டு இருவரும் விலகி நின்றார்கள். பலகையில் ஒரு பக்கம் பிதுங்கி, ஒரு பக்கம் உள்வாங்கி, உச்சியில் மறுபக்கம் சாய்ந்து, கோணல்மாணலாக ஒரு ஊர் நின்றது.

இந்த முறை யாரும் கை தட்டவில்லை. ராஜீவ் நோட்டைத் திறந்து அந்தப் படத்தை வரைய ஆரம்பித்திருந்தார். அவருக்கு அடுத்து இருந்தவரும் வரைந்தார். வரிசையாக எல்லாத் தலையும் குனிந்தது. வேடியப்பன் கையிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டுக்கொண்டு, அவர்கள் வரைந்து முடிக்கிறவரை அப்படியே காத்துக்கொண்டு நின்றார்.